சாதாரண வகுப்பறையில் டிஸ்லெக்சியா: உள்ளடக்கிய கல்வி விளக்கவுரைக்கான கேள்விகளை அமைப்பது எப்படி?

பி.எட். பயிற்சியில் இருப்பவர்களும், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்களும், குறுவள மையக் கூட்டத்தில் பேசும் பொறுப்பை ஏற்ற ஆசிரியர்களும் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பு இடர்ப்பாடு குறித்த விளக்கவுரையை ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் தயாரிக்கிறார்கள். முதலில் வரையறையும் வகைகளும் அறிகுறிகளும் வரும். பிறகு புகழ்பெற்ற மனிதர்களின் படங்கள் வரும். கடைசியில் ‘கேள்விகள் உண்டா?’ என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர் மறுநாள் காலை முப்பத்தைந்து மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் தம் வகுப்புக்குப் போகும்போது, அவர்களில் எந்தப் பிள்ளையை எப்படிக் கவனிப்பது என்பது அவருக்கு முன்பு போலவே தெரியாமல் இருக்கும். கேள்விகளைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒதுக்குவதால்தான் இப்படி ஆகிறது. விளக்கவுரை முழுவதையும் கேள்விகளாலேயே கட்டினால் நிலைமை மாறும். 45 நிமிட உரைக்கு ஐந்து கேள்விகள் போதும். அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சொல்வது, அவையினரின் பதிலை எப்படி வழிநடத்துவது என்பதைத் தமிழ்வழி வகுப்பறையை முன்வைத்து இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: வரையறையைக் கேட்காமல் முரணைக் கேளுங்கள்

‘டிஸ்லெக்சியா என்றால் என்ன?’ என்பது பார்வைக்கு நல்ல தொடக்கம் போலத் தோன்றும். ஆனால் அதற்கு அவையிலிருந்து வரும் பதில் புத்தக வரியாகவோ மௌனமாகவோதான் இருக்கும். அதற்குப் பதிலாக, எல்லா ஆசிரியர்களும் தம் வகுப்பில் பார்த்திருக்கக்கூடிய ஒரு முரணைக் கேள்வியாக்குங்கள்: ‘பாடத்தை நாம் வாசித்துக் காட்டினால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் மாணவி, அதே பாடத்தைத் தானே வாசிக்கும்போது மட்டும் ஏன் தடுமாறுகிறாள்?’

இந்தக் கேள்வி வரையறையைத் தானாகவே வெளிக்கொண்டு வரும். ‘அக்கறை இல்லை’, ‘வீட்டில் படிக்க வைக்கவில்லை’, ‘கண்ணில் கோளாறு இருக்கலாம்’, ‘மெதுவாகக் கற்கும் பிள்ளை’ என்று பதில்கள் வரும். ஒவ்வொன்றையும் பலகையில் எழுதிவிட்டு, அந்த முரணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். புரிந்துகொள்ளும் திறனே குறைவு என்றால் கேட்டபோதும் புரிந்திருக்கக் கூடாது. அக்கறை இல்லை என்றால் கேட்டுப் பதில் சொல்வதிலும் அக்கறை இருந்திருக்காது. ஆகவே, தடங்கல் எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே உள்ள இணைப்பில் இருக்கிறது என்ற முடிவுக்கு அவையினர் தாமாகவே வருவார்கள். டிஸ்லெக்சியாவின் மையமும் அதுதான். பேச்சைச் சிறு ஒலிகளாகப் பிரித்து உணர்வதிலும், அந்த ஒலிகளை எழுத்தோடு விரைவாகப் பொருத்துவதிலும் ஏற்படும் இடர்ப்பாடு அது. பெரும்பாலும் குடும்ப வழியாக வருவது, அறிவுத்திறனின் அளவோடு தொடர்பில்லாதது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எழுத்துகள் திரையில் நடனமாடுவது போன்ற ஸ்லைடைக் காட்டி ‘அவர்களுக்கு இப்படித்தான் தெரியும்’ என்று சொல்வது பரவலான வழக்கமாகிவிட்டது. அது அவையினரின் இரக்கத்தைத் தூண்டினாலும், டிஸ்லெக்சியா கண்ணில் இருக்கும் சிக்கல் என்ற தவறான எண்ணத்தை ஆழமாகப் பதிக்கிறது. பிறகு வண்ணக் கண்ணாடித் தாள்களை வாங்கலாமா என்ற கேள்விதான் எழும். அவை வாசிப்புத் திறனை வளர்க்கின்றன என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. அந்த ஸ்லைடை எடுத்துவிடுவதே நல்லது.

இரண்டாம் படி: தமிழ் எழுத்திலேயே பிழைகளைக் காட்டிக் கேளுங்கள்

இரண்டாவது கேள்வி, ‘இந்தப் பிழைகளில் எவை கவலைப்பட வேண்டியவை, எவை வேண்டாதவை?’ என்பது. உரையின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஆகவே கால் மணி நேரமாவது இதற்கு ஒதுக்குங்கள். ஆங்கில நூல்களிலிருந்து எடுத்த ‘பி’, ‘டி’ எழுத்து மாற்றங்களைக் காட்டாதீர்கள். நம் பிள்ளைகள் தமிழில் தடுமாறும் விதம் வேறு.

ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். கயல் என்று பெயர் வைக்கலாம். இவள் விளக்கத்துக்காகக் கற்பனையாக அமைத்த மாணவி. ஆனால் இவளுடைய பிழைகள் வகுப்பறைகளில் காணக்கூடியவை. அவள் வாசிக்க வேண்டிய பகுதி இப்படித் தொடங்குகிறது:

‘மழைக்காலம் தொடங்கியதும் கிராமத்துக் குளம் நிரம்பியது. குழந்தைகள் கரையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.’

அவள் வாசித்தது: ‘மழை… கா… மழைக்காலம் தெ… தெட… தொடங்கியது கிராமத்து குளம் நிம்… நிரபியது. கொழந்தைங்க கரையில நின்னு வெடிக்கை பார்த்தார்கள்.’

சொல்வதெழுதுதலில் அவள் எழுதியது: தொப்பி என்பதற்குத் ‘தெப்பி’, பந்து என்பதற்குப் ‘பத்து’, தங்கம் என்பதற்குத் ‘தகம்’, பள்ளம் என்பதற்குப் ‘பலம்’, கேணி என்பதற்குக் ‘கெணி’, கறி என்பதற்குக் ‘கரி’. மரம், வயல், படம் ஆகியவற்றைச் சரியாக எழுதியிருந்தாள்.

இதை ஒரு தாளில் அச்சிட்டு, இருவர் இருவராகப் பிரிந்து பிழைகளை வகைப்படுத்தச் சொல்லுங்கள். முதலில் பெரும்பாலோர் ‘கரி’யையும் ‘கொழந்தைங்க’ளையும் சிவப்பு மையால் வட்டமிடுவார்கள். இவை இரண்டும் டிஸ்லெக்சியாவுக்கான தடயங்கள் அல்ல என்பதை இங்கே விளக்க வேண்டும். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண வேறுபாடுகள் பலருடைய பேச்சில் தேய்ந்துவிட்டன. காதில் வேறுபடாத ஒலியை எழுத்தில் வேறுபடுத்துவது எந்தப் பிள்ளைக்கும் கடினம்தான். அதைப் போலவே ‘குழந்தைகள்’ என்று அச்சிட்டிருப்பதைக் ‘கொழந்தைங்க’ என்று வாசிப்பதில் பொருள் சிதையவில்லை. அவள் சொல்லை அடையாளம் கண்டு தன் பேச்சு வழக்கில் சொல்லியிருக்கிறாள். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியை ஒரு குறைபாட்டின் அடையாளமாக எண்ணிவிட்டால், வீட்டில் எழுத்து வழக்கைக் கேட்டறியாத பிள்ளைகள் அனைவரையும் தவறாகச் சந்தேகிக்க நேரிடும்.

எஞ்சியிருக்கும் பிழைகளைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘பந்து’ ‘பத்து’ ஆனதிலும் ‘தங்கம்’ ‘தகம்’ ஆனதிலும், வல்லினத்துக்கு முன் வரும் இன மெல்லெழுத்து காணாமல் போயிருக்கிறது. ‘நிரம்பியது’ என்பதை வாசிக்கும்போதும் மகர ஒற்று விழுந்திருக்கிறது. வாசிப்பிலும் எழுத்திலும் ஒரே வகை ஒலி தவறுவது தற்செயல் அல்ல. ‘பள்ளம்’ ‘பலம்’ ஆனதில் லகர ளகர மயக்கத்தைத் தள்ளிவிட்டாலும், ஒற்று இரட்டித்து ஒலிப்பதை அவள் பிரித்து உணரவில்லை என்பது மிஞ்சுகிறது. ‘கேணி’, ‘வேடிக்கை’ ஆகியவற்றில் நெடில் குறிலாகியிருக்கிறது. ‘தொப்பி’ ‘தெப்பி’ ஆனது வேறு வகை. ஒகர உயிர்மெய்யில் கொம்பு எழுத்துக்கு முன்னும் துணைக்கால் பின்னும் வருகின்றன. ஒரே ஒலிக்குரிய குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்பதால், பிள்ளை முன்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறாள். கடைசியாக, ‘பார்த்துக்கொண்டிருந்தார்கள்’ என்பதைப் ‘பார்த்தார்கள்’ என்று படித்தது: தொடக்கத்தையும் முடிவையும் பார்த்து நடுவை ஊகித்திருக்கிறாள். தமிழில் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்வதால் இந்த ஊகம் மேல்வகுப்புகளில்தான் அதிகம் வெளிப்படும்.

இன்னொரு செய்தியையும் இந்தக் கேள்வியோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் எழுத்துமுறை ஒலிக்கு மிக நெருக்கமானது. க, ச, ட, த, ப ஆகியவை சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து வல்லென்றும் மெல்லென்றும் ஒலித்தாலும், அந்த மாற்றம் பெரும்பாலும் ஓர் ஒழுங்குக்குள் வருகிறது. இத்தகைய எழுத்துமுறைகளில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் நாளடைவில் எழுத்துகளைச் சரியாகவே சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். மிஞ்சி நிற்பது வேகக் குறைவுதான். அதனால் ‘பிழையில்லாமல் வாசிக்கிறானே’ என்று சொல்லி ஏழாம் வகுப்பு மாணவனை விட்டுவிடக் கூடாது. அவன் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு களைப்போடு வாசித்தான் என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: கவனித்ததை எழுதிவைக்கும் முறையைக் கேள்வியாக்குங்கள்

மூன்றாவது கேள்வி: ‘வேறு காரணங்கள் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?’ அவையில் இருப்பவர்கள் மருத்துவர்களோ உளவியலாளர்களோ அல்லர். டிஸ்லெக்சியா இருக்கிறது என்று முடிவுசெய்வது அவர்களுடைய வேலையும் அன்று. ஆனால் அந்த முடிவை எடுப்பவர்களுக்கு வேண்டிய தகவலைத் தரக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. ஆகவே இந்தக் கேள்விக்கான பதிலை, கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு செயல்முறையாக முடித்துக் கொடுங்கள்.

கயலின் எடுத்துக்காட்டையே தொடரலாம். ஆசிரியர் முதலில் வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறார். நீண்ட விடுப்பு இல்லை, பள்ளி மாற்றமும் இல்லை. வீட்டு மொழி தமிழ். கண், காது பரிசோதனை நடந்திருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்கிறார், நடக்கவில்லை என்றால் அதையே முதலில் செய்யச் சொல்கிறார். பிறகு அதே பகுதியை வகுப்பில் நடுத்தரமாக வாசிக்கும் மூன்று மாணவர்களையும் கயலையும் தனித்தனியே ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணுகிறார். மற்ற மூவரும் ஐம்பதை ஒட்டி வாசிக்கிறார்கள், கயல் பதினெட்டில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து ஓர் அளவுகோலைத் தேட வேண்டியதில்லை. அதே ஆசிரியரிடம், அதே பாடநூலில் கற்ற வகுப்புத் தோழர்களே முதல் கட்டத்துக்குப் போதுமான அளவுகோல்.

அடுத்து, அதே அளவு கடினமான வேறொரு பகுதியை ஆசிரியரே வாசித்துக் காட்டி நான்கு கேள்விகள் கேட்கிறார். கயல் நான்குக்கும் பதில் சொல்கிறாள். கடைசியாக, எழுத்தே இல்லாமல் காதுக்கு மட்டும் ஒரு சிறு பயிற்சி. ‘கடல் என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?’, ‘பந்து, பத்து: இரண்டும் ஒன்றா, வேறா?’, ‘மணி, காணி, பாட்டு: இவற்றில் முதல் எழுத்து நெடிலாக இல்லாதது எது?’ என்பன போன்ற கேள்விகள். இதில் அவள் தடுமாறுகிறாள். கேட்டுப் புரிந்துகொள்வது நன்றாக இருந்து, வாசிப்பு வேகமும் ஒலிப்பிரிப்பும் மட்டும் பின்தங்கியிருந்தால், முதல் கேள்வியில் பேசிய முரண் எண்ணிக்கையாகக் கையில் கிடைத்துவிட்டது. கேட்டுப் புரிந்துகொள்வதும் தாழ்ந்தே இருந்தால், சிக்கல் வேறாக இருக்கலாம். அதற்கேற்ற வேறு பரிசோதனை தேவை.

ஒரு முறை கவனித்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதை அவையில் அழுத்திச் சொல்லுங்கள். அடிப்படை எழுத்துகளை முறையாகக் கற்பிக்காததால் பின்தங்கிய பிள்ளையும் முதல் நாளில் இதே போலத்தான் தெரிவாள். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் மாணவர்கள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் கற்கிறார்கள். முறையான கற்பித்தலுக்குப் பிறகு மற்றவர்கள் அடுத்த நிலைக்கு நகர, ஒரு பிள்ளை மட்டும் அங்கேயே நின்றால்தான் அது பொருளுள்ள தடயம். கற்பித்தலுக்கு அந்தப் பிள்ளை எப்படி எதிர்வினை காட்டுகிறாள் என்பதே, ஒருநாள் தேர்வைவிட நம்பகமான சான்று.

நான்காம் படி: ‘என்ன மாற்றுவீர்கள்?’ என்பதைப் பாடவாரியாகக் கேளுங்கள்

‘இவர்களுக்கு எப்படி உதவலாம்?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘அன்பு காட்ட வேண்டும், ஊக்கப்படுத்த வேண்டும்’ என்ற பதில்தான் வரும். அதனால் கேள்வியைக் குறுக்குங்கள்: ‘நாளை உங்கள் அறிவியல் பாடவேளையில் கயல் வாசிக்கவோ எழுதவோ வேண்டிய இடங்கள் எவை? அவற்றில் எது அறிவியலைக் கற்பதற்கு உண்மையிலேயே தேவை?’

ஆசிரியர்கள் தம் பாடவேளையை நிமிடவாரியாக மனத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். திடீரென்று எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்வது, கரும்பலகையில் இருக்கும் பத்து வரியைப் பார்த்து எழுதச் செய்வது, வினாத்தாளைத் தானே வாசித்துப் புரிந்துகொள்ள விடுவது, எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பது ஆகியவை பட்டியலில் வரும். இவற்றில் எதுவும் ஒளிச்சேர்க்கையைப் புரிந்துகொள்ளத் தேவையில்லை என்பது அப்போது புலப்படும். வினாக்களை வகுப்பு முழுமைக்கும் ஒரு முறை உரக்க வாசித்துவிடலாம், அதனால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். பலகைக் குறிப்பை அச்சிட்டோ, தோழியின் குறிப்பேட்டைப் படமெடுத்தோ கொடுக்கலாம். வாசிக்கச் சொல்வதாக இருந்தால், எந்தப் பத்தி என்று முதல்நாளே சொல்லிவிடலாம். விடை வாய்மொழியாகவோ பாகம் குறித்த படமாகவோ வரலாம். அறிவியல் விடைத்தாளில் எழுத்துப் பிழையைக் குறித்துக் காட்டலாம், ஆனால் மதிப்பெண்ணைத் தொட வேண்டாம்.

ஆனால் இவையெல்லாம் தடையைச் சுற்றிச் செல்லும் வழிகள் மட்டுமே. வாசிப்பை இவை கற்பிக்கமாட்டா. பல விளக்கவுரைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன என்பது என் மனக்குறை. சலுகை மட்டும் கிடைத்து வாசிப்புக் கற்பித்தல் கிடைக்காத பிள்ளை, ஆண்டுகள் போகப் போகப் பிறரையே சார்ந்திருக்க வேண்டியதாகும். ஆகவே மொழி ஆசிரியருக்குத் தனியாக ஒரு கேள்வி வையுங்கள்: ‘கயலின் பிழைகளைப் பார்த்தபின், அடுத்த ஆறு வாரத்தில் எதை, எந்த வரிசையில் கற்பிப்பீர்கள்?’

விடை பிழைத்தாளிலேயே இருக்கிறது. முதல் இரண்டு வாரங்கள் காதுக்கும் கைக்கும்: குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை நீட்டி இழுத்தல், ஒற்றுக்கு விரலை மடக்குதல். ‘பலம், பள்ளம்’, ‘பத்து, பந்து’, ‘கெடு, கேடு’ போன்ற இணைகளை முதலில் கேட்டு வேறுபடுத்தி, பிறகு எழுத்தட்டையால் அமைத்து, அதன் பிறகே எழுதச் செய்ய வேண்டும். அடுத்த இரண்டு வாரங்களில் எகர, ஏகார, ஒகர, ஓகார உயிர்மெய்கள். கொம்பையும் துணைக்காலையும் ஒரே வண்ணத்தில் எழுதி, இரண்டும் சேர்ந்தே ஓர் ஒலி என்பதைக் கண்ணுக்குக் காட்டலாம். எழுதும்போது ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். கடைசி இரண்டு வாரங்களில் நீண்ட சொற்களைப் பிரித்து வாசித்தல்: ‘பார்த்து, பார்த்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்துக்கொண்டிருந்தார்கள்’ என்று சொல் வளர வளர வாசித்தால், நடுப்பகுதியை ஊகிக்கும் பழக்கம் குறையும்.

இதற்கு நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் இடைவிடாமல் நடக்க வேண்டும். வாரம் ஒருநாள் ஒன்றேகால் மணி நேரம் என்று சேர்த்துச் செய்வதில் அதே பலன் கிடைக்காது. வகுப்பில் இதே பயிற்சி தேவைப்படும் பிள்ளைகள் இன்னும் மூன்று நான்கு பேர் இருக்கக்கூடும், அவர்களையும் குழுவில் சேர்த்துக்கொண்டால் கயல் தனிமைப்பட மாட்டாள். வாரக் கடைசியில் புதிய, ஆனால் ஒத்த அளவு கடினமான ஒரு பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே பத்தியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அவள் மனப்பாடம் செய்துவிடுவாள், எண்ணிக்கை ஏறுவது வாசிப்பு வளர்ந்ததாகப் பொய்த்தோற்றம் தரும்.

ஐந்தாம் படி: அவையிலிருந்து வரப்போகும் கடினமான கேள்விகளுக்கு முன்கூட்டியே தயாராகுங்கள்

எந்தக் கூட்டமாக இருந்தாலும் சில கேள்விகள் வந்தே தீரும். அவற்றுக்கான பதிலை எழுதிவைத்துக்கொள்வதைவிட, அவற்றைத் திருப்பிக் கேட்கும் வகையைத் தயார் செய்துகொள்வது பயனுள்ளது.

‘இவளுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுப்பது மற்றவர்களுக்கு அநீதி இல்லையா?’ என்ற கேள்வியை ஒருவர் நேர்மையாகவே கேட்பார். அவரைக் குற்றவாளியாக்காமல், ‘இந்தத் தேர்வில் நீங்கள் எதை அளக்க விரும்புகிறீர்கள்?’ என்று கேளுங்கள். சமூக அறிவியலை அளக்கும் தேர்வில் வாசிப்பு வேகம் மதிப்பெண்ணைத் தீர்மானித்தால், அந்தத் தேர்வு தான் அளக்க வந்ததை அளக்கவில்லை. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாசிப்புத் திறனையே சோதிக்கும் பகுதியில் பத்தியை வேறொருவர் வாசித்துக் காட்டினால் அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. அங்கே கூடுதல் நேரம் பொருந்தும், வாசித்துக் காட்டுவது பொருந்தாது.

‘ஆங்கிலவழியிலிருந்து தமிழ்வழிக்கு மாற்றினால் சரியாகிவிடுமா?’ என்று பெற்றோர் சார்பில் ஒருவர் கேட்பார். ஆங்கிலச் சொற்களில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஒழுங்கற்றது என்பதால், இடர்ப்பாடு அங்கே முதலில் கண்ணில் படும். ஆனால் ஒலிப்பிரிப்பில் உள்ள சிக்கல் மொழி மாறினால் மறையாது, தமிழில் அது வேகக் குறைவாகத் தொடரும். எனவே ‘தமிழில் அவளுடைய வேகம் எப்படி இருக்கிறது?’ என்று திருப்பிக் கேளுங்கள். தமிழில் இயல்பான வேகத்தில் வாசித்து, ஆங்கிலத்தில் மட்டும் திணறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் கற்பித்த முறையைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

சட்டம் குறித்த கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 குறிப்பிட்டுள்ள 21 வகைகளில் டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய கற்றல் குறைபாடும் ஒன்று. அதன் 16-ஆம் பிரிவு, இத்தகைய குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் நடவடிக்கை எடுப்பதைக் கல்வி நிறுவனங்களுக்குரிய பொறுப்பாக வைக்கிறது. 17-ஆம் பிரிவு, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பாடத்திட்ட, தேர்வு முறை மாற்றங்களாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறைகள் பெங்களூருவில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய தேர்வுத் தொகுப்பைக் குறிப்பிட்டு, எட்டு வயது நிறைந்த பிறகே சான்று வழங்கலாம் என்றன. பொதுத்தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகவே செல்லும் என்பதால், அவ்வாண்டின் அரசுத் தேர்வுகள் இயக்ககச் சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சான்று தேர்வுச் சலுகைக்குத்தான் வேண்டும். கொம்பையும் துணைக்காலையும் சேர்த்து வாசிக்கக் கற்பிப்பதற்கு எந்தச் சான்றும் தேவையில்லை. ஏழு வயதுப் பிள்ளையைச் சான்று கிடைக்கும் வயது வரும்வரை காத்திருக்க வைப்பது, கற்பித்தலால் அதிகம் பயன் கிடைக்கும் காலத்தை வீணாக்குவது.

பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்ற கேள்விக்கு ஒரு சிறு நடிப்புப் பயிற்சி வைக்கலாம். ‘உங்கள் மகளுக்கு டிஸ்லெக்சியா இருக்கிறது’ என்று ஆசிரியர் சொல்லக் கூடாது, அவருக்கு அதற்குரிய தகுதி இல்லை. ‘அம்மா, கயல் நான் சொல்வதை நன்றாகப் புரிந்துகொள்கிறாள். ஆனால் வாசிக்கும்போது மற்ற பிள்ளைகளைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறாள். நான் எழுதி வைத்திருப்பதைப் பாருங்கள். நீங்கள் வீட்டில் கவனித்தது என்ன? உங்கள் குடும்பத்தில் யாருக்காவது படிக்கும் காலத்தில் இப்படி இருந்ததா?’ என்று கேட்டால், அந்தத் தாய் தாமே பேசத் தொடங்குவார். சில வேளைகளில் அருகில் உட்கார்ந்திருக்கும் தந்தை, தாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதன் காரணத்தை முதன்முறையாகச் சொல்லக்கூடும். அந்தப் பதிலையும் மற்றக் குறிப்புகளோடு எழுதிவைக்க வேண்டும், மதிப்பீடு செய்பவருக்கு அது பயன்படும்.

ஆறாம் படி: உரையை முடிக்கும் கேள்விக்குத் தேதி குறியுங்கள்

கடைசியாக, பங்கேற்ற ஒவ்வொருவரும் ஒரு சிறு தாளில் மூன்று வினாக்களுக்கு விடை எழுதட்டும்: எந்த மாணவரைக் கவனிக்கப் போகிறீர்கள் (முதலெழுத்து மட்டும் போதும், அவையில் பெயரைச் சொல்ல வேண்டாம்), வகுப்பில் மாற்றப் போகும் ஒரே ஒரு செயல் எது, எண்ணிக்கையை எந்தக் கிழமையில் குறிப்பீர்கள். பத்துச் செயல்களை எழுதியவர் எதையும் செய்யமாட்டார். ஆகவே ஒன்றே ஒன்று என்பதில் கண்டிப்பாக இருங்கள்.

ஆறு வாரம் கழித்து நடக்கும் கூட்டத்தில் அந்தத் தாள்களைத் திரும்ப எடுத்து, ‘எண்ணிக்கை நகர்ந்ததா?’ என்று கேளுங்கள். கயல் பதினெட்டிலிருந்து முப்பதை ஒட்டி வந்திருந்தால் கற்பித்தல் வேலை செய்கிறது, அதையே தொடரலாம். பிழை குறைந்தும் வேகம் மட்டும் நகரவில்லை என்றால், ஏற்கனவே கற்ற எழுத்துகளைக் கொண்ட எளிய பத்திகளில் வாசிப்புப் பயிற்சியைக் கூட்ட வேண்டும். தவறாமல் நாள்தோறும் கற்பித்தும் பிழை, வேகம் இரண்டுமே அசையவில்லை என்றால், அதுவரை சேர்த்த தாள்கள் அனைத்தையும், அதாவது பிழை வகைப்பாடு, வாரந்தோறும் குறித்த எண்ணிக்கை, கேட்டுப் புரிந்துகொண்டதன் பதிவு, பெற்றோர் சொன்னது ஆகியவற்றை ஒன்றாக வைத்து, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வழியாக முறையான மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். மதிப்பீட்டுக்கான நாள் கிடைக்கும்வரை அந்தப் பதினைந்து நிமிடப் பயிற்சியை நிறுத்தக் கூடாது.